வில்லிவாக்கத்தில் ஒண்ணு, நெமிலிச்சேரியில் பத்து

திரைக்குப் பின்னால் வாங்க. செருப்பை வெளியே விட்டுடுங்க, தரை முழுக்கப் புளியங்கொட்டை கிடக்கிறது. அந்த மூலையில் உருண்டு கிடக்கும் நீலத் துணிதான் ரயில். துணி என்றால், ஆயாம்மாவின் பழைய நைலக்ஸ் புடவை. ஒரு முனையை இன்னொரு முனையோடு முடிந்துவிட்டால் உள்ளே பத்து வாண்டுகள் நிற்கிற அளவுக்கு வளையம் வரும். பக்கத்தில் அட்டைப் பெட்டியில் செய்த இன்ஜின் முகம். அதன் ஒரு கண்ணை நேற்று யாரோ தின்றுவிட்டார்கள். ஜெம்ஸ் மிட்டாயை ஒட்டி வைத்தது எங்கள் தப்புதான்.

இது திருமுல்லைவாயலில் ஒரு சின்னப் பள்ளியின் யு.கே.ஜி. வகுப்பு. பள்ளியின் பெயர் வேண்டாம், பிள்ளைகள் இன்னும் அங்கேதான் படிக்கிறார்கள். ஆண்டு விழாவுக்கு ஒன்று முதல் பத்து வரை எண்ணும் ஆட்டப் பாட்டு ஒன்று வேண்டும் என்று மிஸ் கேட்டார். மிஸ் என் பள்ளித் தோழி. பத்து வரிதானே, சாயங்காலம் எழுதி அனுப்புகிறேன் என்று நான் சொன்னேன். அந்தச் சாயங்காலம் ஏழு வாரம் நீண்டது!

ரயில் என்பது முதல் நாளே முடிவாகிவிட்டது. இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ரயில் என்றால் உயிர். வீட்டில் படுத்தால் மின்சார ரயிலின் ஊளை கேட்கும். ஆவடியில் ரயில் பெட்டிகளின் பணிமனையே இருக்கிறது. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்கு ஓடியதும் இந்தத் தடத்தில்தான். ஆனால் என்னைத் துள்ள வைத்தது வேறொரு சங்கதி. விரல் விட்டுப் பாருங்கள்: வில்லிவாக்கம், கொரட்டூர், பட்டரவாக்கம், அம்பத்தூர், திருமுல்லைவாயல், அண்ணனூர், ஆவடி, இந்துக் கல்லூரி, பட்டாபிராம், நெமிலிச்சேரி. சரியாகப் பத்து ஸ்டேஷன். ரயில்வேக்காரர்கள் எங்கள் யு.கே.ஜி.க்காகவே போட்டு வைத்த மாதிரி!

ஒண்ணுக்கு வந்த சோதனை

முதல் ஒத்திகையை மறக்க முடியாது. பத்துப் பிள்ளைகள் கையில் பத்து ஸ்டேஷன் பலகை. இன்ஜின் பையன் 'கூ' என்று ஓடி வந்து ஒவ்வொருவரையும் தொட வேண்டும், எல்லோரும் எண்ணைக் கத்த வேண்டும்.

மிஸ் உற்சாகமாக, "ஒண்ணு!" என்றார்.

மூன்று பேர் சுண்டுவிரலைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்கள். "மிஸ், எனக்கும்!"

வகுப்பறையில் சுண்டுவிரலைத் தூக்கினால் என்ன அர்த்தம் என்று நமக்குத் தெரியும். ஆயாம்மா மூன்று பேரையும் வரிசையாகக் கூட்டிக்கொண்டு போனார். சிரித்து முடித்த பிறகுதான் உறைத்தது. நம் வீடுகளில் பெரியவர்கள் எண்ணத் தொடங்குவதே சுண்டுவிரலில்தான். கட்டைவிரல் நுனியால் சுண்டுவிரல் கணுவைத் தொட்டு, ஒரு விரலுக்கு மூன்று கணு என்று எண்ணிக்கொண்டு போவார்கள். தாத்தா பாட்டி எண்ணுவதைப் பார்த்த பிள்ளைக்கு ஒண்ணு என்றால் சுண்டுவிரல்தான் வரும். ஆகவே முதல் சட்டம்: எங்கள் பாட்டில் ஒண்ணு ஆள்காட்டி விரல். கழிப்பறைப் போக்குவரத்து அன்றோடு சீரானது.

இரண்டாவது வாரம் பாட்டு பறந்தது. வில்லிவாக்கத்தில் ஒண்ணு, கொரட்டூரில் ரெண்டு, பட்டரவாக்கத்தில் மூணு என்று பிசகில்லாமல் பாடினார்கள். ஜன்னலுக்கு வெளியே நின்ற ஓர் அம்மா செல்போனில் படமே எடுத்துவிட்டார். நான் மனசுக்குள் மாலை போட்டுக்கொண்டேன். அப்போது மிஸ் சும்மா, போகிற போக்கில் சொன்னார்: "சரி, நாலு பேர் மட்டும் வந்து தண்ணி குடிங்க."

ஒரே ஒரு பெண் எழுந்து வந்தாள். கையில் 'அம்பத்தூர்' பலகை.

"நாலு பேர் வாங்கடா."

மற்ற ஒன்பது பேரும் அசையவில்லை. அந்தப் பெண்தான் பொறுமையாக விளக்கினாள்: "நான்தான் மிஸ் நாலு."

மிஸ் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். எங்கள் அழகான பாட்டு பிள்ளைகளுக்கு எண்ணச் சொல்லித் தரவில்லை, பத்துப் பேருக்குப் பெயர் வைத்திருக்கிறது! அம்பத்தூருக்குச் செல்லப் பெயர் நாலு. ஆவடிக்குச் செல்லப் பெயர் ஏழு. நாலு என்பது நாலு பேரும் சேர்ந்த கூட்டத்தைச் சொல்லும் சொல் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. தமிழில் 'நாலு' வேறு, 'நாலாவது' வேறு என்று நமக்குத் தெரியும். நான் எழுதியது 'நாலாவது ஸ்டேஷன்' பாட்டு. பிள்ளைகளுக்கு வேண்டியிருந்தது 'நாலு பேர்' பாட்டு.

ஒரு பிடி புளியங்கொட்டை

இந்தக் குழி எங்களுக்கு முன்பே பலர் விழுந்த குழி. ரோச்செல் கெல்மன், சி. ஆர். காலிஸ்டல் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 1978-இல் குழந்தைகளின் எண்ணறிவைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார்கள். எண்ணுவதற்குள் ஒளிந்திருக்கும் விதிகளை அதில் பிரித்துக் காட்டினார்கள். ஒரு பொருளுக்கு ஒரே ஒரு எண். எண்களின் வரிசை மாறக் கூடாது. கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம். எந்தப் பொருளிலிருந்து தொடங்கினாலும் மொத்தம் மாறாது. பாட்டு தானாகக் கொடுப்பது இதில் இரண்டாவதை மட்டும்தான். மற்றவற்றை ஆட்டம்தான் கொடுக்க வேண்டும்.

1990-இல் காரென் வின் என்ற ஆய்வாளர் இதற்கு ஒரு சோதனையை வைத்துப் பார்த்தார். பொம்மைகளைக் குவித்து வைத்து 'எனக்கு இத்தனை கொடு' என்று குழந்தையிடம் கேட்பதுதான் சோதனை. நாங்கள் புளியங்கொட்டையில் வைத்துப் பார்த்தோம். பத்து வரை மணி மணியாய்ப் பாடுகிற பையனிடம் 'மிஸ்ஸுக்கு அஞ்சு குடு கண்ணா' என்றால், ஒரு பிடி அள்ளி என் மடியில் கொட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டான். ஒன்று கேட்டால் ஒன்று தருகிறான். இரண்டு கேட்டால் இரண்டு. மூன்றுக்கு மேல் போனால் கைப்பிடி! குழந்தைகள் இப்படித்தான் முதலில் ஒன்றை, பல வாரங்கள், சில சமயம் மாதங்கள் கழித்து இரண்டை, பிறகு மூன்றைப் பிடிக்கிறார்கள். அப்புறம் ஒரு நாள் சட்டென்று எல்லா எண்ணுக்கும் ஒரே சூத்திரம்தான் என்று விளங்கிவிடுகிறது. பாடத் தெரிகிற நாளுக்கும் அந்த நாளுக்கும் நடுவில் நீண்ட தூரம்.

ஆக, பலகைகள் குப்பைக்குப் போயின, புடவை வந்தது. புதிய ஆட்டம் இதுதான். இன்ஜின் பையன் ஸ்டேஷன் ஸ்டேஷனாகப் போவான். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஒரு பிள்ளை புடவையைத் தூக்கி உள்ளே ஏறும். ஏறினதும் எல்லோரும் அந்த எண்ணைச் சொல்வார்கள். இப்போது நாலு என்பது அம்பத்தூர் பெண்ணின் பெயர் கிடையாது, புடவைக்குள் நெருக்கிக்கொண்டு நிற்கிற மொத்தக் கும்பல். ஒரு ஆள் ஏறினால் ரயில் ஒரு ஆள் நீளும், எண் ஒன்று கூடும். அவ்வளவுதான் கணக்கு!

நிறுத்தத்துக்கு நிறுத்தம் 'எத்தனை பேரு?' என்று திரும்ப எண்ணவும் ஆசைப்பட்டோம். ஒன்று, அப்புறம் ஒன்று இரண்டு, அப்புறம் ஒன்று இரண்டு மூன்று என்று கூட்டிப் பார்த்தால் மொத்தம் 55 எண். அண்ணனூர் வருவதற்குள் இரண்டு பேர் புடவைக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார்கள். ஒருவன் தூங்கினான். அதனால் மூன்று இடத்தில் மட்டும் வண்டியை நிறுத்தி எண்ணினோம். பட்டரவாக்கத்தில் மூணு, அது எண்ணாமலே கண்ணுக்குத் தெரியும், எண்ணியதும் சரியாக வந்தால் நம்பிக்கை பிறக்கும். திருமுல்லைவாயலில் அஞ்சு, அது ஒரு கை. நெமிலிச்சேரியில் பத்து, ரெண்டு கை. 55 இப்போது 18 ஆகிவிட்டது, தூக்கமும் போயிற்று.

பத்துக் கொட்டை ஐந்தான கதை

நான்காவது வாரம் மிஸ் போன் பண்ணினார். "ஒரு பொண்ணு பத்து கொட்டைய எண்ணி அஞ்சுங்கறா. மூணு தடவ. ஒண்ண விடல, ஒண்ண ரெண்டு தடவ தொடல. ஆனா அஞ்சு."

மறுநாள் போய்ப் பார்த்தேன். அவள் விரல் முதல் கொட்டையில் 'ஒண்' என்றது, இரண்டாவதில் 'ணு' என்றது. மூன்றாவதில் 'ரெண்', நான்காவதில் 'டு'. ஆகா!

சொல்லிப் பாருங்கள். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, ஆறு, ஏழு, எட்டு, பத்து. எல்லாமே வாயில் இரண்டு அடி. ஒம்பது மட்டும் மூன்று. ஆங்கிலத்தில் ஒன்று முதல் பத்து வரை 'செவன்' ஒன்றுதான் இரண்டு அடி, மற்றதெல்லாம் ஒற்றை அடி. அந்த ஊர்ப் பிள்ளை செவனில் மட்டும் தடுக்கி இரண்டு பொருளைத் தொடும். நம் பிள்ளைக்கு எண்ணுக்கு எண் அந்தப் பள்ளம் காத்திருக்கிறது. அதில் நாங்களே தள்ளிவிட்டிருந்தோம், ஏனென்றால் பாட்டுக்குக் கை தட்டச் சொல்லியிருந்தோம். 'ஒண்'ணுக்கு ஒரு தட்டு, 'ணு'வுக்கு ஒரு தட்டு! பாட்டில் தட்டிய கை கொட்டையிலும் தட்டியது. எண்ணின விடை சரி பாதியாக வந்தால் சந்தேகமே வேண்டாம், பிள்ளை சொல்லை எண்ணவில்லை, அசையை எண்ணுகிறது.

மருந்து சொன்னது பாட்டு மிஸ். ஆதி தாளத்தின் பின்பாதி என்ன? தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. அதையே வைத்துக்கொள்ளலாம் என்றார். 'ஒண்' என்னும்போது தட்டு, 'ணு' என்னும்போது கையைத் திருப்பி வீச்சு. கொட்டையை எண்ணும்போதும் அப்படியே. 'ஒண்' என்றால் தொடு, 'ணு' என்றால் கையை எடு. இரண்டு அடியும் இருக்கிறது, ஆனால் தொடுவது ஒரு தரம்தான். இரண்டு நாளில் அந்தப் பெண் பத்துக்கு வந்துவிட்டாள். நான் தலைகால் புரியாமல் குதித்ததில் மிச்சமிருந்த கொட்டை டப்பாவும் கவிழ்ந்தது.

ஒம்பதாம் வரியில் ஒரு தவளை

இப்போது சொற்களுக்கு வருவோம். நம் எண்கள் பத்தும் 'உ'வில் முடிகின்றன. கடைசி ஒலியை வைத்து இயைபு தேடினால் எல்லாம் ஒரே மாதிரி ஒலிக்கும், எது எதற்குப் பிறகு என்று பிள்ளைக்குப் பிடி கிடைக்காது. காதில் ஒட்டுவது இரண்டாம் எழுத்துதான். பழைய புலவர்கள் எதுகையை அங்கே வைத்தது சும்மா இல்லை. அதனால் ஒவ்வொரு எண்ணுக்கும் அதன் நடு எழுத்தைத் தூக்கிப் பிடிக்கிற ஒரு சொல், அந்தச் சொல்லுக்கு ஒரு ஆட்டம். கடைசியில் நின்றது இது:

ஒண்ணு! உருட்டி முழிக்கும் கண்ணு
ரெண்டு! கொடுக்கு விரிக்கும் நண்டு
மூணு! நிமிர்ந்து நிக்கும் தூணு
நாலு! ஆட்டிக் காட்டும் வாலு
அஞ்சு! ஊதிப் பறக்கும் பஞ்சு
ஆறு! அள்ளித் தின்னும் சோறு
ஏழு! ஆடி மாசக் கூழு
எட்டு! பிட்டுக் குடுக்கும் லட்டு
ஒம்பது! தவளை துள்ளி எம்புது
பத்து! பல்லு எல்லாம் முத்து

அஞ்சுக்கு அடுத்தது என்ன என்று திணறுகிற பிள்ளை, பஞ்சை ஊதிவிட்டுச் சோற்றை அள்ளுகிற கையைப் பார்த்து 'ஆறு' என்று பிடித்துக்கொள்கிறது. கை முந்துகிறது, வாய் பின்னால் போகிறது.

ஏழுக்குக் கூழைத் தவிர வேறு ஒன்றும் அமையவில்லை. அதிலும் பாதிப் பேர் 'ஏலு, கூலு' என்றார்கள். திருத்தவில்லை. ஆடி மாதம் இந்தப் பக்கத்து அம்மன் கோயில்களில் வரிசையில் நின்று கூழ் வாங்கிக் குடித்த வாய், ழகரம் அதன் நேரத்துக்கு வரும். எண்ணிக்கையில் பிழை இல்லையே!

ஒம்பதுதான் எங்களை அழ வைத்தது. எட்டு வரை தட்டு, வீச்சு என்று ஓடிவந்த தாளம் அங்கே தடுமாறும். சிலர் பத்தோடு சேர்த்து 'ஒம்பத்து' என்றார்கள். சிலர் எட்டிலிருந்து நேராகப் பத்துக்குத் தாவினார்கள். பழந்தமிழில் ஒன்பதுக்குத் 'தொண்டு' என்றொரு சொல் உண்டு, தொல்காப்பியத்திலேயே வருகிறது. இரண்டே அடி! ஒரு ராத்திரி முழுக்க அதைப் பாட்டில் வைக்கலாமா என்று யோசித்தேன். ரெண்டு, நண்டு, தொண்டு என்று அது ரெண்டோடு போய் ஒட்டிக்கொள்ளும், பிள்ளைகளின் பாட்டிக்கே தெரியாத எண்ணைப் பிள்ளைக்குச் சொல்லித் தந்த பழியும் வரும் என்று காலையில் தெளிந்தது.

அப்புறம்தான் புத்தி வந்தது. நீளமான சொல்லை ஏன் ஒளிக்க வேண்டும்? அதற்கே பெரிய ஆட்டத்தைக் கொடுப்போம். 'ஒம்' என்று இழுத்துக்கொண்டே குந்த வேண்டும், 'பது' என்று எம்பிக் குதிக்க வேண்டும். முதலில் 'தவளை ஒண்ணு எம்புது' என்றுதான் எழுதியிருந்தேன். ஒம்பதைச் சொன்ன கையோடு 'ஒண்ணு' காதில் விழ, நாலு பேர் திரும்ப ஒண்ணு, ரெண்டு என்று முதலிலிருந்து ஆரம்பித்துவிட்டார்கள். எண்ணுப் பாட்டில் வேறு எண் ஒளிந்திருக்கக் கூடாது என்ற பாடம் அன்று கிடைத்தது. 'ஒண்ணு' போய் 'துள்ளி' வந்தது. அதன் பிறகு ஒம்பதை யாரும் விடவில்லை. குதிக்கிற வாய்ப்பை எந்தப் பிள்ளை விடும்?

ரயில் திரும்பி வரும்போது

கடைசி வேலை ஒன்று பாக்கி இருந்தது. அம்பத்தூர் பெண் இன்னும் தன்னை நாலு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்காக ரயிலைத் திருப்பினோம். ஒரு நாள் வில்லிவாக்கத்திலிருந்து, மறுநாள் நெமிலிச்சேரியிலிருந்து. திருப்பி எண்ணினால் ஆவடி நாலாகிறது, அம்பத்தூர் ஏழாகிறது! எதுகை எண்ணோடு ஒட்டியிருக்கிறதே தவிர ஸ்டேஷனோடு ஒட்டவில்லை, ஆகவே பாட்டில் ஓர் எழுத்தும் மாற்ற வேண்டியதில்லை. முதல் நாள் அந்தப் பெண் உதட்டைப் பிதுக்கினாள். "நேத்து நான் வாலு, இன்னிக்குக் கூழா?" மூன்றாம் நாள் அவளே கேட்டாள்: "மிஸ், இன்னிக்கு எந்தப் பக்கம் போறோம்?"

பாட்டு எல்லாவற்றையும் செய்துவிடாது. 4 என்ற கோட்டுக்கும் நாலு பேருக்கும் என்ன உறவு என்று அது சொல்லாது, அதற்குக் கரும்பலகையும் கொட்டையும் வேண்டும். நடுவில் நிறுத்தி 'ஆறுக்கு அப்புறம்?' என்று கேட்டால் சில பிள்ளைகள் ஒண்ணிலிருந்து முழுப் பாட்டையும் ஓட்டித்தான் ஏழுக்கு வரும். சங்கிலி இன்னும் கண்ணி கண்ணியாகக் கழலவில்லை என்று அர்த்தம். அவசரம் இல்லை.

ஆண்டு விழா அன்று நான் திரைக்குப் பின்னால் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடைசி நிமிடத்தில் செய்தி வந்தது. ஒரு பையனுக்குக் காய்ச்சல், வரவில்லை. மாற்றி ஆள் போட நேரமில்லை. பாட்டு ஓடுகிற வேகத்தில் யாருக்கும் தெரியாது, அப்படியே போகலாம் என்று மிஸ் சொல்லிவிட்டார்.

ரயில் புறப்பட்டது. கண்ணு முழித்தது, நண்டு விரிந்தது, வால் ஆடியது, திருமுல்லைவாயலில் அஞ்சு பேரையும் எண்ணி வாங்கிய கைதட்டல் திரையைத் தாண்டி வந்தது. பட்டாபிராமில் ஒன்பது பேரும் குதித்த குதியில் மேடை அதிர்ந்தது. நெமிலிச்சேரியில் வண்டி நின்றது. ஏற ஆள் இல்லை. பின்னணி இசையில் 'பத்து' வந்தது, போனது. ஒருவரும் வாய் திறக்கவில்லை.

இன்ஜின் பையன் திரும்பி நின்று, விரலால் தொட்டுத் தொட்டு, தட்டு வீச்சோடு, முழு ரயிலையும் எண்ணினான். பிறகு திரைப் பக்கம் பார்த்து, கூட்டம் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினான்: "மிஸ்! ஒம்பது பேருதான் இருக்கோம்!"

அரங்கம் சிரித்தது. மிஸ் வாயைப் பொத்திக்கொண்டு என் கையைக் கிள்ளினார். அதற்குள் ரயிலிலிருந்து இரண்டு பேர் இறங்கி ஓடி வந்து, கதவோரம் நின்ற ஆயாம்மாவின் கையைப் பிடித்து இழுத்துப் போனார்கள். அவர் புடவைதான், ஆனால் அவருக்கு உள்ளே நுழைய இடமில்லை. குனிந்து, நெளிந்து, தலையை மட்டும் உள்ளே விட்டார்.

எல்லோரும் ஒரு முறை திரும்ப எண்ணிக்கொண்டு, அப்புறம்தான் பாடினார்கள். பத்து! ஆயாம்மாவுக்கு முன்பல் இரண்டு கிடையாது. இருக்கிற முத்தையெல்லாம் காட்டிச் சிரித்தார்.